நட்டஈட்டுக் கடிதத்தில் இல்லாத பன்னிரண்டு சிப்பங்கள்

அச்சுவேலியில் ஒரு மொத்த வியாபாரியிடம் பதினொரு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். மாட்டுத்தீவனம், கோழித்தீவனம், யூரியா முதலான பசளை, விதை என்று எல்லாம் அங்கே உண்டு. கடை தெருவோரத்தில் இருக்கிறது. ஸ்டோர் அதற்குப் பின்னால், வயலை ஒட்டிய பள்ளக் காணியில். நிலம் மலிவாகக் கிடைத்தது என்று முதலாளி அதை அங்கே கட்டினார். பத்து மாரி பார்த்த கட்டடம் அது. ஒரு தரமும் உள்ளே தண்ணீர் வந்ததில்லை.

என் அண்ணன் சண்டிலிப்பாயில் தோட்டக்காரர். அந்த வருடம் புகையிலைக்கு விலை விழுந்திருந்தது. பதப்படுத்திக் கட்டிய பன்னிரண்டு சிப்பத்தையும் விற்காமல் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டிலில் வைத்திருந்தார். தகரம் ஒழுகியது. ஆவணியில் ஒருநாள் போனபோது நான்தான் சொன்னேன்.

"அண்ணை, மழை துவங்கினால் உது எல்லாம் பூஞ்சணம் பிடிக்கும். எங்கடை ஸ்டோருக்குள்ளை கொண்டந்து வையுங்கோ. தை மாதம் விலை ஏறேக்கை எடுக்கலாம்."

"முதலாளி ஓம் எண்டுவாரோ?"

"அதை நான் பாக்கிறன்."

முதலாளி மறுபேச்சில்லாமல் சம்மதித்தார். வாடகையும் வேண்டாம் என்றார். லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் இரண்டு நடையாகச் சிப்பங்கள் வந்தன. சரக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் 'பிறர் பொருள்' என்று தலைப்பிட்டு, அண்ணனின் பெயர், சிப்பத்தின் எண்ணிக்கை, வந்த தேதி எல்லாவற்றையும் எழுதினேன். வேறு யாருடைய பொருளும் ஸ்டோரில் இருந்ததில்லை. அந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான் பதிவு.

கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. தாழமுக்கம் என்று வானொலியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இரண்டாம் நாள் பின்னேரம் முதலாளியும் நானும் வேலையாட்கள் இரண்டு பேரும் ஸ்டோருக்குள் போய், சுவரோரம் தரையில் கிடந்த மூட்டைகளை முடிந்தவரை பலகைத் தட்டுகளின் மேல் ஏற்றினோம். தட்டுகள் எல்லாவற்றுக்கும் காணாது. புதிதாக வந்திறங்கிய கோழித்தீவனம் நிலத்திலேயே கிடந்தது. அண்ணனின் சிப்பங்கள் மூலையில் தரையில் விரித்த ஒரு படங்கின் மேல் அடுக்கியபடி இருந்தன. அதையும் தூக்குவோமா என்று கேட்க வாயெடுத்தேன். வேலையாட்கள் களைத்துப் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தீவனமே நிலத்தில் கிடக்கும்போது என் சொந்தக்காரரின் பொருளைத் தூக்கச் சொல்ல வெட்கமாக இருந்தது. பேசாமல் வந்துவிட்டேன்.

அடுத்த நாள் காலை ஆறரைக்கு, கடைக்கு எதிரே தேநீர்க்கடை வைத்திருப்பவர் தொலைபேசியில் கூப்பிட்டார். "பிள்ளை, உங்கடை பின்பக்கம் முழுக்க வெள்ளம். வயல் வரம்பு உடைச்சிட்டுது போலை."

நான் போய்ச் சேர எட்டு மணி. முதலாளி எனக்கு முன்பே வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்டோர் வாசலில் நின்றார். இரும்புக் கதவைத் தூக்கியதும் உள்ளேயிருந்து தண்ணீர் எங்கள் கால்களை இடித்துக்கொண்டு வெளியே வந்தது. உள்ளே முழங்காலளவு நின்றது. தீவன மூட்டைகள் உப்பி வெடித்துக் கஞ்சி போல மிதந்தன. யூரியா மூட்டைகள் பாதியாகச் சுருங்கியிருந்தன. மூலையில் தண்ணீரின் நிறம் வேறு. சாயம் கூடிய தேநீர் போலச் செம்மண்ணிறமாக இருந்தது. அது புகையிலைச் சாறு.

முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். நான் கைத்தொலைபேசியை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினேன். ஸ்டோர்ச் சரக்குக்கு எடுத்திருந்த காப்புறுதிக்குப் படம் வேண்டும் என்பது அந்த நேரத்தில் எப்படியோ ஞாபகம் வந்தது. சுவரில் தண்ணீர் நின்ற அடையாளம், மூட்டை வரிசைகள், உடைந்த வரம்பு என்று எடுத்தேன். ஸ்டோர் மேசையின் கீழ்த் தட்டில் இருந்த சரக்குப் புத்தகமும் நனைந்திருந்தது. மை கரைந்து போகும் முன்னே என்று அதன் பக்கங்களை ஒவ்வொன்றாக விரித்துப் படமெடுத்தேன். பிறகு காப்புறுதிக் கொம்பனியின் யாழ்ப்பாணக் கிளையில் எங்கள் பத்திரத்தைப் பார்க்கும் உத்தியோகத்தருக்குத் தொலைபேசியில் அறிவித்தேன்.

"ஒண்டையும் எறிய வேண்டாம் அக்கா. மதிப்பீட்டாளர் வந்து பாக்கும்வரைக்கும் அப்பிடியே இருக்கட்டும். படங்களை இப்பவே எனக்கு வட்ஸ்அப்பிலை அனுப்பி விடுங்கோ. எழுத்திலை கோரிக்கை பதினைஞ்சு நாளுக்குள்ளை வரவேணும்."

எல்லாப் படத்தையும் ஒன்றாக அனுப்பினேன். எது என்ன என்று பார்க்கவில்லை.

நான் தகவல் சொல்ல, அண்ணன் மத்தியானம் வந்தார். மருதனாமடப் பக்கம் தெரு மூடியிருந்ததால் சுற்றி வந்ததாகச் சொன்னார். தண்ணீர் அப்போது கணுக்காலுக்கு வடிந்திருந்தது. மூலைக்குப் போய் ஒரு சிப்பத்தின் கட்டை அவிழ்த்தார். உள்ளே கையை விட்டு நடுவிலிருந்து ஒரு இலையை உருவினார். அது ஈரத் துணி போல வந்தது. முகர்ந்து பார்த்தார். அடுத்த சிப்பத்தையும் அப்படியே பார்த்தார். பன்னிரண்டையும் பார்த்து முடிக்கும்வரை நான் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு, "சரி, நான் வாறன்" என்றார். போய்விட்டார்.

வெள்ளத்துக்குப் பிறகு மூன்றாம் நாள் மதிப்பீட்டாளர் வவுனியாவிலிருந்து வந்தார். ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசாத மனிதர். அதற்குள் தீவனம் புளித்து நாறத் தொடங்கியிருந்தது. அயலார் முறைப்பாடு செய்து, சுகாதாரப் பரிசோதகர் உடனே அகற்றச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மதிப்பீட்டாளர் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு மூட்டைகளை எண்ணினார். தட்டின் மேலிருந்தவை எத்தனை, நிலத்தில் இருந்தவை எத்தனை என்று தனித்தனியாகக் குறித்தார். காய்ந்தவற்றை வேறாகப் பிரிக்கச் சொன்னார். மாதிரிக்கு ஒவ்வொன்றிலும் ஒரு மூட்டையை வைத்துக்கொண்டு மற்றதைப் புதைக்கலாம் என்று எழுதித் தந்தார். கடைசியில் மூலைக்கு வந்தார்.

"உந்தப் புகையிலை?"

நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமலே, "எல்லாம் எங்கடைதான்" என்றார்.

"தீவனக் கடையிலை புகையிலையும் யாவாரமோ?"

"இந்த வருசம் கொஞ்சம் வாங்கிப் பாத்தம்."

மதிப்பீட்டாளர் குறித்துக்கொண்டார். "அப்ப வாங்கின பில்லுகளோடை அதையும் சேர்த்து அனுப்புங்கோ."

அவர் போன பிறகு முதலாளி என்னிடம் சொன்னார்: "உம்மடை அண்ணையின்ரை சிப்பங்களையும் சேர்த்து எழுதும். பாவம், அந்த மனிசன் ஏன் நட்டப்படவேணும்? ஆவணித் திகதியிலை வாங்கின மாதிரி ஒரு கடதாசித் துண்டு எழுதி அவரிட்டைக் கையெழுத்து எடும். காசு வந்தால் அவருக்குக் குடுப்பம்."

அது பிழை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் அதைச் சொன்னபோது என் மனம் குளிர்ந்து போனது. இதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

ஞாயிற்றுக்கிழமை சண்டிலிப்பாய்க்குப் போனேன். அண்ணன் தோட்டத்தில் அழுகிய மிளகாய்க் கன்றுகளைப் பிடுங்கி வரம்பில் போட்டுக்கொண்டிருந்தார். துண்டை நீட்டினேன். வாசித்தார்.

"பன்னிரண்டு சிப்பமும் வித்துக் காசு வாங்கினனான் எண்டு கிடக்கு."

"ஓம் அண்ணை. அப்பிடி எழுதினால்தான் காப்புறுதிக் காசு வரும்."

"நான் விக்கேல்லையே."

"விக்கேல்லைத்தான். முதலாளி உங்களுக்காகத்தான் செய்யிறார்."

"உனக்குக் கரைச்சல் ஒண்டும் வராதே?"

"வராது."

சேற்றுக் கையைக் கழுவப் போனார். கழுவிவிட்டு வந்து சாரத்தில் துடைத்து, என் கைப்பையை மேசையாக வைத்துக் கையெழுத்திட்டார். அண்ணன் கையெழுத்துப் போடுவதைக் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. எழுத்துக் கூட்டிப் பெயரை முழுதாக எழுதினார்.

கடிதத்தை எழுத எனக்கு நாலு நாள் பிடித்தது. கோரிக்கைப் படிவம் வேறு, அதோடு இணைக்கும் கடிதம் வேறு. "பொருள்: களஞ்சியசாலையில் வெள்ளத்தினால் சேதமடைந்த சரக்குகளுக்கான நட்டஈட்டுக் கோரிக்கை" என்று தொடங்கி, முதலில் நடந்ததை நேரப்படி எழுதினேன். மழை தொடங்கிய நாள். எச்சரிக்கை கேட்ட நாள். இரண்டாம் நாள் பின்னேரம் மூட்டைகளைத் தட்டில் ஏற்றியது. மூன்றாம் நாள் காலை ஆறரைக்குத் தகவல் கிடைத்தது, எட்டுக்குக் கதவு திறந்தது, ஒன்பதேகாலுக்குக் கிளைக்கு அறிவித்தது. நட்டத்தைக் குறைக்க நாங்கள் என்ன செய்தோம் என்று கட்டாயம் கேட்பார்கள் என்பதால், தட்டுகள் போதாமல் புதிய தீவனத்தை ஏற்ற முடியாமற்போனதையும் அப்படியே எழுதினேன். அதை எழுதாமல் விடலாமா என்று நினைத்தேன். ஆனால் மதிப்பீட்டாளர் நிலத்தில் கிடந்ததை எண்ணிவிட்டுப் போயிருந்தார்.

அடுத்து நட்டப் பட்டியல். பொருள், மூட்டை எண்ணிக்கை, வாங்கிய விலை. விற்கும் விலை போடக்கூடாது; வாங்கிய விலைதான் எடுபடும். முழுதாக அழிந்தது, பாதி விலைக்காவது போகக்கூடியது என்று இரண்டு பிரிவு. பட்டியலின் கடைசி வரியில் 'புகையிலை, பன்னிரண்டு சிப்பம்' என்று எழுதினேன்.

கடைசியில் ஆதாரங்கள். கிராம அலுவலரின் கடிதம், பிரதேச செயலகத்தின் அத்தாட்சி, மழைவீழ்ச்சி அறிக்கை, வாங்கிய பில்லுகளின் பிரதிகள், படங்கள். படங்களுக்கு இலக்கம் போட்டு ஒவ்வொன்றின் கீழும் என்ன என்று எழுத வேண்டும். கடையில் மத்தியான நேரம், ஆட்கள் குறைந்திருந்தபோது, கைத்தொலைபேசியில் உத்தியோகத்தருக்கு அனுப்பியவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து குறித்துக்கொண்டு போனேன். சுவர், கதவு, வரம்பு. பிறகு சரக்குப் புத்தகத்தின் பக்கங்கள். கடைசிப் படத்தைத் திறந்தேன்.

'பிறர் பொருள்.' அண்ணனின் பெயர். பன்னிரண்டு சிப்பம். ஆவணித் தேதி. என் கையெழுத்து. மை கரையவேயில்லை.

படத்துக்குக் கீழே இரண்டு நீலச் சரி அடையாளம் இருந்தது. அதை உத்தியோகத்தர் பார்த்திருக்கிறார்.

கைத்தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். காப்புறுதிப் பத்திரத்தை எடுத்துப் புரட்டினேன். ஆங்கிலத்தில் இருந்ததைத் தட்டுத்தடுமாறி வாசித்தேன். கோரிக்கையில் ஏதாவது ஒரு பகுதி பொய்யென்று தெரிந்தால் முழுக் கோரிக்கையும் இல்லாமற்போகும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. புகையிலையை மட்டும் வெட்டிவிட்டு மற்றதற்குத் தரமாட்டார்கள். தீவனம், பசளை, விதை எல்லாம் போய்விடும். அதோடு பத்திரம் எடுக்கும்போது நிரப்பிய விண்ணப்பத்தின் பிரதியும் இருந்தது. 'மற்றவர்களுக்குச் சொந்தமான பொருட்கள் உங்கள் பொறுப்பில் வைக்கப்படுகின்றனவா?' என்று ஒரு கேள்வி. அதற்குப் பக்கத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தது. அதுவும் என் கையெழுத்துத்தான். எழுதிய நாளில் அது உண்மை. ஆவணியில் சிப்பங்கள் வந்தபோது ஒரு கடிதம் போட்டுச் சேர்த்திருக்கலாம். அந்தக் கேள்வி என் நினைவிலேயே இருக்கவில்லை.

முதலாளியிடம் போய்ப் படத்தைக் காட்டினேன்.

"உதை ஆர் பாக்கப் போறாங்கள்?"

"பாத்திட்டாங்கள் முதலாளி. மதிப்பீட்டாளரிட்டையும் போயிருக்கும்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அந்த வரியை வெட்டிவிடும்."

அவ்வளவுதான். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. தீவனக் கொம்பனிக்கு அவர் கொடுக்க வேண்டியது அவருக்குத்தான் தெரியும். நானும் வேறென்ன சொல்வார் என்று நினைத்து அவரிடம் போனேன்?

பட்டியலின் கடைசி வரியை எடுத்துவிட்டுக் கடிதத்தை மறுபடி தட்டெழுதினேன். சும்மா எடுத்துவிட்டால் போதாது என்று பட்டது. முதலாளி மதிப்பீட்டாளரிடம் வாயால் சொன்னது ஒன்று இருந்ததே. அதனால் ஒரு பந்தி சேர்த்தேன்: "களஞ்சியத்தின் வடகிழக்கு மூலையில் காணப்பட்ட பன்னிரண்டு புகையிலைச் சிப்பங்கள் எமக்குச் சொந்தமானவையல்ல. அவை வேறொருவரால் பாதுகாப்பிற்காக வைக்கப்பட்டவை. பரிசோதனையின்போது வாய்மொழியாகக் கூறப்பட்டது தவறு. இவற்றிற்கு நட்டஈடு கோரப்படவில்லை." முதலாளி அந்தப் பந்தியை இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கையெழுத்திட்டார். பதின்மூன்றாம் நாள் கடிதத்தை யாழ்ப்பாணக் கிளையில் நேரில் கொடுத்து, பிரதியில் முத்திரை குத்தி வாங்கினேன்.

நான் நேர்மையானவள் என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். கணவரும் சொன்னார். அந்தப் படம் மட்டும் இல்லாதிருந்தால் கடைசி வரி அப்படியே போயிருக்கும். நான் பயந்துதான் வெட்டினேன்.

ஒரு கிழமை கழித்து மதிப்பீட்டாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். ஒன்றிரண்டு பில் தெளிவில்லை என்று கேட்டார். முடிவில், "புகையிலையைப் பற்றி நீங்களே எழுதினது நல்லதாப் போச்சு. அந்தப் பக்கத்தை நான் வாறதுக்கு முதலே பாத்திட்டன்" என்றார்.

"அப்ப அண்டைக்கு ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

"நான் கேக்கிறது, எழுதிறதுதான் தங்கச்சி. சொல்லுறது நீங்கள்." பிறகு குரலைத் தணித்தார். "மற்றவையின்ரை பொருள் எண்டு பத்திரத்திலை சேர்த்திருந்தியள் எண்டால் அவருக்கும் கிடைச்சிருக்கும். கட்டணம் கொஞ்சந்தான் கூடும்."

அந்த வசனத்தை அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

அண்ணனிடம் சொல்ல இரண்டு நாள் தள்ளிப் போட்டேன். போனபோது வாசலில் உட்கார்ந்து மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். மச்சாள், அண்ணனின் மனைவி, தேநீர் கொண்டுவந்து வைத்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். புத்தகம், படம், விண்ணப்பத்தில் நான் எழுதிய 'இல்லை' வரைக்கும் ஒன்றும் விடவில்லை. அவர் பிடியைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"அப்ப ஒண்டும் வராது."

"வராது அண்ணை."

"நான் வச்ச கையெழுத்து எங்கை?"

கைப்பையிலிருந்து துண்டை எடுத்துக் கொடுத்தேன். அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"புகையிலை போனது போகட்டும். வெள்ளத்துக்கு நீ என்ன செய்யிறது? அண்டைக்கு நான் விக்கேல்லையே எண்டு கேட்டனான். நீதான் கையெழுத்து வை எண்டனீ. இவ்வளவு நாளும் ஒரு கடதாசியிலையும் நான் பொய்க்குக் கையெழுத்து வைக்கேல்லை, பிள்ளை."

கோபமாகச் சொல்லவில்லை. மச்சாள் தேநீரைக் குடிக்கச் சொன்னாள். குடித்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழும்பினேன். வழக்கமாகச் சந்திவரை கூட வருபவர், அன்று எழும்பவில்லை.

ஐந்து மாதம் கழித்துக் காப்புறுதிக் காசு வந்தது. நாங்கள் கேட்டதில் பாதியும் இல்லை. ஸ்டோரில் இருந்த சரக்கின் பெறுமதியைவிடப் பத்திரத்தில் போட்டிருந்த தொகை குறைவு என்று அதே வீதத்தில் குறைத்தார்கள். விலைகள் ஏறிப்போன காலத்தில் தொகையை ஏற்றாமல் விட்டிருந்தோம். நிலத்தில் கிடந்த தீவனத்துக்கு ஒரு கழிவு, மீந்ததை விற்ற காசுக்கு ஒரு கழிவு, பத்திரதாரர் தானே தாங்க வேண்டிய பங்கென்று இன்னொரு கழிவு. முதலாளி கடிதத்தை வாசித்துவிட்டு, "சரி, இதாவது வந்துதே" என்றார். வந்தது முழுவதும் தீவனக் கொம்பனிக்குப் போனது. வேலையாட்களில் ஒருவரை நிறுத்தினார். அண்ணனைப் பற்றி அவர் பிறகு ஒருநாளும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

நான் சம்பளத்தில் ஒரு பங்கை மாதாமாதம் மச்சாளின் கையில் கொடுக்கத் தொடங்கினேன். முதல் தரம் வேண்டாம் என்றாள். இரண்டாம் தரம் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வாங்கினாள். "அவருக்குத் தெரிய வேண்டாம்" என்றாள். அண்ணனுக்கு மறைக்க எனக்கும் ஒன்று சேர்ந்தது.

அடுத்த போகத்துக்கு அண்ணன் புகையிலை நடவில்லை. காணியில் பாதியைக் குத்தகைக்குக் கொடுத்தார். மற்றப் பாதியில் கீரையும் கத்தரியும் போட்டு, விடிய மருதனாமடச் சந்தைக்குச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகிறார். கொட்டில் தகரத்தைப் பிரித்து விற்றுவிட்டார்.

போன மாதம் என் மகளின் பரீட்சை முடிவு வந்தபோது அவரும் மச்சாளும் வீட்டுக்கு வந்தார்கள். ஒரு பை நிறையக் கத்தரிக்காய் கொண்டுவந்தார். மகளைத் தலையில் தடவினார். கணவரோடு சந்தை விலை, தெரு திருத்தம், யாரோ ஒருவருடைய கிணற்றில் தண்ணீர் உவர்த்தது என்று ஒரு மணித்தியாலம் கதைத்தார். சாப்பிட்டார். என்னிடம் குழம்பு உறைப்பு என்று சொன்னார். இன்னும் கொஞ்சம் சோறு போடவா என்று கேட்டேன்.

"காணும்" என்றார், சோற்றுக் கோப்பையின் மேல் கையை வைத்துக்கொண்டு.